மகளின் படத்தைத் திரித்துப் பரப்பிய சக மாணவர் மீது நடவடிக்கை கேட்டு அதிபருக்குக் கடிதம்: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

இப்படியான கடிதங்கள் பெரும்பாலும் இரவில், அழுகையோடும் கோபத்தோடும் எழுதப்பட்டு, காலையில் அதிபரின் மேசைக்குப் போகின்றன. நான்கு பக்கம் இருக்கும். யார், எப்போது, எதை அனுப்பினார் என்பது மட்டும் அதில் இருக்காது. அதிபர் இரு பக்கத்தையும் கூப்பிட்டு, கை கொடுக்க வைத்து, அன்றைக்கே விஷயத்தை முடித்துவிடுவார். எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் செய்திருந்தால் அது அப்படி முடியாது. அதனால் கடிதம் இந்த வழிகாட்டியில் ஆறாவதாகத்தான் வருகிறது.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைச் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். வன்னியில் ஒரு கலவன் பாடசாலை, தரம் 10. 14.02.2025 வெள்ளிக்கிழமை இல்ல விளையாட்டுப் போட்டி. மகள் அஞ்சல் ஓட்டத்துக்கு நின்றபோது எடுத்த படம் ஒன்று பலரிடம் இருக்கிறது. 17ஆம் திகதி திங்கள் இரவு, அரைகுறை உடையில் நிற்கும் வேறொரு பெண்ணின் உடம்பில் மகளின் முகம் ஒட்டப்பட்டு, ரியூசனுக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் விழுகிறது. செவ்வாய் காலை வகுப்பில் சிரிப்பு. மகள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

## 1. மகளிடம் கேட்க வேண்டியது

முதல் வேலை போனைப் பறிக்காமல் இருப்பது. பறித்தால் பிள்ளை அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைச் சொல்லாது. பறித்த கையோடு படத்தை அழித்துவிடும் பெற்றோரும் இருக்கிறார்கள். அழித்தால் சான்றும் போய்விடும்.

நான்கு விஷயங்களை மட்டும் கேளுங்கள். படத்தை எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தாள்? யாருடைய போனில்? அதன் மூலப் படத்தை எடுத்தது யார்? பாடசாலை என்ன செய்ய வேண்டும் என்று அவள் நினைக்கிறாள்? பதில்களை அவள் சொல்லும் சொற்களிலேயே ஒரு கொப்பியில் எழுதித் திகதி போடுங்கள். நாளைக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லும்போது, முதல் நாள் எழுதியது உங்களுக்கே தேவைப்படும்.

கடைசிக் கேள்வியைத் தவற விடாதீர்கள். “எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கட்டும்” என்று பெற்றோர் கேட்பார்கள். பிள்ளைக்கோ காலைப் பிரார்த்தனையில் தன் பெயர் இன்னொரு தடவை அடிபடுவதைவிடப் பாடசாலையை விட்டே போய்விடலாம் என்றிருக்கும். அவள் விரும்பாத எதையும் கடிதத்தில் கேட்க வேண்டாம்.

## 2. படத்தைப் பிரதி எடுக்காமல் சான்று சேர்த்தல்

அதிகம் பிழை நடக்கும் இடம் இது. ஆதாரம் வேண்டும் என்று பெற்றோர் அந்தப் படத்தைத் தங்கள் போனுக்கு எடுப்பார்கள், மாமாவுக்கு அனுப்புவார்கள், வகுப்பாசிரியருக்கு அனுப்புவார்கள். இரண்டு நாளில் ஆசிரியர் குழுவிலும் அது சுற்றும். இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 286A பிரிவு, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் ஆபாசமான அல்லது அநாகரிகமான படத்தை உருவாக்குவதோடு, பரப்புவதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. நல்ல நோக்கத்தோடு அனுப்பினாலும் படம் பரவத்தான் செய்கிறது.

அதனால் படம் வந்த போனில், வந்த இடத்திலேயே இருக்கட்டும். உங்களுக்குத் தேவை படத்தைச் சுற்றியுள்ள தகவல். சிறிய கடதாசித் துண்டொன்றைத் திரையில் படத்தின் மேல் மட்டும் ஒட்டுங்கள். படத்துக்கு மேலே அனுப்பியவரின் பெயரும் கீழே நேரமும் தெரிய வேண்டும். பிறகு இன்னொரு போனால் அந்தத் திரையைப் படமெடுங்கள். படத்தின் மேல் “Forwarded” என்ற சொல் இருந்தால் அதையும் மறைக்காமல் எடுங்கள். அந்த நபர் இதை வேறெங்கோ இருந்து பெற்று அனுப்பியிருக்கிறார் என்பதற்கு அது குறிப்பு.

அடுத்து, பெயரைத் தொட்டு இலக்கத்தைத் திறந்து அந்தத் திரையையும் எடுங்கள். குழுவில் தெரியும் பெயர், மகள் தன் போனில் சேமித்து வைத்த பெயர். அது ‘கொக்கு’ என்றோ ‘10B கப்டன்’ என்றோ இருக்கலாம். இலக்கம் இல்லாத திரைப்பிரதி யாரையும் காட்டாது.

திகதியிலும் ஒரு பொறி உண்டு. அண்மைய செய்திகளுக்கு மேல் வாட்ஸ்அப் திகதியைப் போடாது, “Today”, “Yesterday” என்றுதான் காட்டும். எடுத்தவுடன் எந்த நாள், எத்தனை மணி என்று கொப்பியில் எழுதுங்கள். எங்கள் உதாரணத்தில் 18ஆம் திகதி மாலை 4.20க்கு எடுத்த திரையில் “Yesterday” என்றும் படத்தின் கீழ் 9.47 PM என்றும் இருந்தால், படம் விழுந்தது 17ஆம் திகதி இரவு 9.47க்கு.

குழுவின் பெயர், அட்மின் இலக்கங்கள், படத்தின் கீழ் வந்த கிண்டல் வரிகள் ஆகியவற்றையும் இதேபோல் எடுங்கள். இதை எல்லாம் அன்றைக்கே செய்யுங்கள். அனுப்பியவர் பயந்து எல்லாருக்கும் அழிக்கும் வசதியைப் பாவித்தால், “This message was deleted” என்ற வரி மட்டும் மிஞ்சும். அந்த வரியையும் பெயரோடு எடுத்து வையுங்கள், அதுவும் ஒன்றைச் சொல்கிறது.

## 3. பொலிஸ், 1929, பாடசாலை: எது முதலில்

பாடசாலை ஒழுக்கத்தைப் பார்க்கும். குற்றத்தை விசாரிப்பது பொலிசின் வேலை. ஒன்று மற்றதற்குப் பதிலாகாது, ஒன்றுக்காக மற்றது காத்திருக்கவும் தேவையில்லை.

படம் நிர்வாணமாகவோ பாலியல் தன்மையோடோ இருந்தால், கடிதத்துக்கு முன் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். அல்லது பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவில் முறையிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அந்த ஒரு வரி இருந்தால், “வெளியில போகாமல் நாங்களே பேசித் தீர்ப்பம்” என்ற பேச்சுக்குப் பெரிதாக இடமிருக்காது. நிலையத்துக்குப் போக மனமில்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை முதலில் சந்திக்கலாம்.

“அவங்களும் சின்னப் பிள்ளையள்தானே” என்ற பேச்சும் வரும். சட்டத்தில் அதற்கு அளவு இருக்கிறது. 2018இல் செய்த திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடையில் அந்தப் பிள்ளைக்கு விளங்கும் பக்குவம் இருந்ததா என்று பார்க்கப்படும். தரம் 10 பிள்ளை பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டியிருக்கும்.

இணையத்தில் படம் பரவாமல் தடுக்க takeitdown.ncmec.org என்ற இலவசச் சேவை உண்டு. 18 வயதுக்கு முன்னைய நிர்வாண, அரை நிர்வாணப் படங்களுக்கானது. படத்தை அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே படத்தின் இலக்க அடையாளம் ஒன்று உருவாகி, அது மட்டும் போகும். பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்ற தளங்களில் இது உதவும், வாட்ஸ்அப் குழுவுக்குள் கிடப்பதை இதனால் எடுக்க முடியாது.

## 4. உருவாக்கியவர், போட்டவர், பரப்பியவர்

கொப்பியில் மூன்று பக்கம் ஒதுக்குங்கள். படத்தைத் திரித்தவர் ஒருவர், குழுவில் முதலில் போட்டவர் ஒருவர், அதை வேறு இடத்துக்கு அனுப்பியவர்கள் சிலர். மூவரும் ஒருவராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எப்படித் தெரியும் என்று எழுதுங்கள்: “திரையில் உள்ளது”, “மகள் நேரில் கண்டது”, “தோழி சொன்னது”.

எங்கள் உதாரணத்தில் போட்டவரின் இலக்கம் திரையில் இருக்கிறது, அது உறுதி. ரியூசன் முடிந்து பஸ்சுக்கு நின்ற இடத்தில் இன்னொருவர் தன் போனில் படத்தைக் காட்டியதை மகள் கண்டாள், அதுவும் எழுதலாம். திரித்தது இன்னார்தான் என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். அதைக் குற்றச்சாட்டாக எழுதக் கூடாது. “விசாரிக்க வேண்டியது” என்றுதான் எழுத வேண்டும். பெயர் பிழைத்துப் போனால் அந்தப் பிள்ளையின் தகப்பன் அடுத்த நாள் பாடசாலை வாசலில் நிற்பார், அதன் பிறகு பேச்சு முழுக்க உங்கள் பிழையைப் பற்றியே இருக்கும்.

இலக்கம் தகப்பனுடையதாகவோ தாயுடையதாகவோ இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். வீட்டுக்கு ஒரு போன்தான், அதைத்தான் பிள்ளையும் படிப்புக்குப் பாவிக்கிறது. அதனால் “இந்த இலக்கத்திலிருந்து அனுப்பப்பட்டது” என்று எழுதுங்கள்.

## 5. என்ன கேட்பது

“தகுந்த நடவடிக்கை எடுக்கவும்” என்று முடியும் கடிதத்துக்கு, “எடுத்தோம்” என்று ஒரு சொல்லில் பதில் வரும். செய்ததா இல்லையா என்று பிறகு பார்க்கக்கூடியதைக் கேளுங்கள்.

பாடசாலையை விட்டு உடனே விலக்கும்படி கேட்பது பெரும்பாலும் வீண். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அதிபர் நினைத்தபடி ஒரு பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது. அவரால் முடியாத ஒன்றைக் கேட்டால், முடிந்த மற்றவற்றையும் செய்யாமல் விட அவருக்கு அதுவே காரணமாகிவிடும்.

அவரால் முடிந்தவை இவை. முறைப்பாட்டைப் பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பதியலாம். ஒவ்வொரு மாணவரையும் அவரவர் பெற்றோரோடு தனித்தனியாக அழைத்து எழுத்தில் வாக்குமூலம் எடுக்கலாம். ஒழுக்காற்றுக் குழுவைக் கூட்டலாம். சம்பந்தப்பட்டவர்களை வேறு பிரிவுக்கு மாற்றலாம். ஆசிரியர்கள் படத்தைப் பார்க்கவோ பகிரவோ கூடாது என்று அறிவுறுத்தலாம். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் ஒருவரை மகளுக்குப் பொறுப்பாக்கலாம்.

வகுப்பை மாற்றுவதானால் மாற வேண்டியது அவர்கள். “உங்கட பிள்ளையை மற்ற வகுப்புக்கு விடுவம், அவவுக்கும் நல்லம்” என்று அன்பாகத்தான் சொல்வார்கள். மகளே கேட்டாலொழிய ஒப்புக்கொள்ள வேண்டாம். பிழை செய்தவள் அவள் என்று ஊர் அதை வாசிக்கும்.

இன்னொன்றையும் எழுத்தில் கேளுங்கள்: மாணவரின் போனை வாங்கிப் படத்தை ஆசிரியர்கள் அழிக்கக் கூடாது. ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் நல்ல எண்ணத்தோடு எல்லாரின் போனையும் வாங்கி அழித்துவிட்டு வந்தால், பொலிசுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. போன் பெற்றோரின் கையில் போகட்டும், அழிப்பது பொலிசார் பார்த்த பிறகு நடக்கட்டும்.

## 6. கடிதம்

ஒன்றரைப் பக்கத்துக்குள் முடியுங்கள். கடிதத்தின் உடலில் மகளின் பெயரும் மாணவர் பெயர்களும் வரக் கூடாது. பெயர்களைத் தனித்தாளில் எழுதி, ‘இணைப்பு 1’ என்று மூடிய உறையில் வையுங்கள். வன்னியில் ஒரு பாடசாலையின் அலுவலக எழுதுநர், சம்பந்தப்பட்ட பையன் ஒருவனின் சித்தியாக இருப்பது சாதாரணம். கடிதம் அதிபரின் கைக்கு வரும் முன் எத்தனை கை மாறுமென்று சொல்ல முடியாது. பெயரில்லாத கடிதத்தை நாளைக்கு வலயத்துக்குப் பிரதியாக அனுப்பவும் இலகு.

மாதிரி இது:

> (பெற்றோரின் பெயர், முகவரி, தொலைபேசி)
> 19.02.2025
>
> அதிபர்,
> (பாடசாலையின் பெயர்)
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> தரம் 10 மாணவி ஒருவரின் படத்தைத் திரித்துப் பரப்பியமை தொடர்பான முறைப்பாடு
>
> உங்கள் பாடசாலையில் தரம் 10இல் கற்கும் மாணவி ஒருவரின் தாய் / தந்தை நான். மகளின் பெயரும் சம்பந்தப்பட்ட மாணவர் விபரமும் இணைப்பு 1இல், தங்கள் பார்வைக்கு மட்டும் தரப்பட்டுள்ளன.
>
> 14.02.2025 இல்ல விளையாட்டுப் போட்டியில் எடுக்கப்பட்ட என் மகளின் படத்திலிருந்து முகத்தை எடுத்து, வேறொரு பெண்ணின் அநாகரிகமான படத்தில் ஒட்டியுள்ளனர். அது 17.02.2025 இரவு 9.47 மணிக்கு, இணைப்பு 1இல் உள்ள இலக்கத்திலிருந்து, வகுப்பு மாணவர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டது. 18.02.2025 காலை வகுப்பில் மாணவர் சிலர் இதைச் சொல்லி மகளைக் கேலி செய்தனர். மாணவர் ஒருவர் தன் போனில் படத்தைக் காட்டியதை மகள் நேரில் கண்டார். படத்தை உருவாக்கியவர் யாரென எனக்கு உறுதியாகத் தெரியாது. அதை விசாரித்தறியுமாறு கேட்கிறேன்.
>
> படத்தை மறைத்து எடுத்த திரைப்பிரதிகள் 3 இணைப்பு 2இல் உள்ளன. படத்தை நான் எவருக்கும் அனுப்பவில்லை. மூலச் செய்தி மகளின் போனில் அழிக்கப்படாமல் உள்ளது. 1929 இலக்கத்தில் 18.02.2025 முறையிட்டுள்ளேன் (முறைப்பாட்டு இல. ……).
>
> தங்களிடம் கேட்பவை:
> 1. இம்முறைப்பாட்டைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பதிதல்.
> 2. சம்பந்தப்பட்ட மாணவரைப் பெற்றோர் முன்னிலையில் தனித்தனியாக விசாரித்து எழுத்தில் பதிதல். என் மகளை அவர்கள் முன் நிறுத்தாதிருத்தல்.
> 3. விசாரணை முடியும்வரை அவர்களை மகளின் வகுப்பிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றுதல்.
> 4. ஆசிரியர் எவரும் படத்தைப் பார்க்கவோ பகிரவோ, மாணவர் போன்களிலிருந்து அழிக்கவோ கூடாதென அறிவுறுத்தல்.
> 5. ஒழுக்காற்றுக் குழுவின் தீர்மானத்தை எனக்கு எழுத்தில் தருதல்.
>
> 25.02.2025க்கு முன் எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இங்ஙனம்,
> (கையொப்பம்)

“காடையர்கள்”, “வளர்ப்பு சரியில்லை” போன்ற சொற்கள் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இந்தக் கடிதத்தை அந்தப் பெற்றோரும் ஒருநாள் வாசிப்பார்கள்.

“உறுதியாகத் தெரியாது” என்ற வரியை எடுத்துவிட வேண்டாம். மற்ற வரிகளை அதிபர் நம்புவதற்கு அந்த வரிதான் காரணமாகும்.

## 7. கையளித்தல்

இரண்டு பிரதிகள் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். உறையின் மேல் “அந்தரங்கம், அதிபர் மட்டும் திறக்கவும்” என்று எழுதுங்கள். உங்கள் பிரதியில் “பெற்றுக்கொண்டேன்” என்று கையொப்பமும் திகதியும் பாடசாலை முத்திரையும் வாங்குங்கள். அதிபர் இல்லாவிட்டால் பிரதி அதிபரிடம் கொடுக்கலாம், வாசலில் காவலாளியிடம் விட்டுவிட்டு வரக் கூடாது. கையொப்பம் போடத் தயங்கினால் வாக்குவாதம் வேண்டாம். அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு ஊசி குத்தி வையுங்கள்.

வகுப்பாசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதைக் கடிதம் கொடுத்ததாகக் கணக்கெடுக்க முடியாது.

## 8. அழைத்துப் பேசும்போது

இரண்டு மூன்று நாளில் அழைப்பு வரும். தனியே போகாதீர்கள். பேச்சைக் குறித்துக்கொள்ளக்கூடிய ஒருவரோடு போங்கள். கத்தக்கூடிய ஒருவர் வேண்டாம். மகளைக் கூட்டிப்போக வேண்டாம். அவளிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால், பெண் ஆசிரியர் ஒருவர் தனியாக, உங்கள் முன்னிலையில் கேட்கலாம்.

படத்தைக் காட்டச் சொன்னால் காட்டத் தேவையில்லை. மறைத்த பிரதி உள்ளது, மூலம் பொலிசுக்கென்று வைத்திருக்கிறோம் என்று சொன்னால் போதும்.

மற்றப் பெற்றோரும் அங்கே இருந்தால், கோயில் உறவு, ஊர் உறவு, சண்டைக்காலத்தில் ஒரே பங்கருக்குள் இருந்த கதை எல்லாம் வரும். அவை பொய்யல்ல. ஆனால் சமாதானக் கடிதம் என்று ஒன்றை நீட்டினால் அங்கேயே கையொப்பமிட வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். “இனி எந்த முறைப்பாடும் இல்லை” என்ற வரி பெரும்பாலும் கடைசிப் பந்தியில் இருக்கும். மன்னிப்பை ஏற்கலாம். முறைப்பாட்டை மீளப்பெறுவது வேறு விஷயம்.

பேசி முடித்த அன்றைக்கே, என்ன பேசினோம், யார் எதைச் செய்வதாகச் சொன்னார் என்று நான்கு வரியில் எழுதி அதிபருக்குக் கொடுத்து, அதற்கும் முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல்லாகத் தந்த உறுதி அப்போதுதான் எழுத்தில் நிற்கும்.

## 9. பதில் வராவிட்டால்

குறித்த திகதி கடந்தால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். முதலில் வலயத்தைச் சரிபாருங்கள். மாவட்டமும் வலயமும் எப்போதும் ஒன்றல்ல: முல்லைத்தீவு மாவட்டத்துக்குள் துணுக்காய் தனி வலயம், வவுனியாவில் வடக்கு, தெற்கு என்று இரண்டு. பிழையான வலயத்துக்குப் போன கடிதம் ஒரு மேசையில் கிடந்து திரும்பி வர வாரங்கள் ஆகலாம்.

புதிய கடிதம் அரைப் பக்கம் போதும். 19.02.2025 இந்த முறைப்பாட்டைக் கொடுத்தேன், முத்திரையிட்ட பிரதி இணைப்பு, 25.02.2025 வரை பதில் இல்லை, ஐந்து கோரிக்கைகளில் இன்ன இன்னவை நடக்கவில்லை. சம்பவத்தை மறுபடி விவரிக்க வேண்டாம், பெயர்த்தாள் இந்த முறையும் தனி உறையில். கீழே “பிரதி: அதிபர்” என்று போட்டு, ஒன்றைப் பாடசாலைக்கும் அனுப்புங்கள். வலயத்திலிருந்து தொலைபேசி வரும் முன்பே அதிபர் பதில் எழுதுவது பல இடங்களில் இந்தப் பிரதி கிடைத்த பிறகுதான்.